97, 99, 100.1: கூட்டினால் நூறு வராத அட்டவணையை எப்படிச் சரிசெய்வது?

மாணவர்களின் ஆய்வேட்டு வரைவைப் படிக்கும் யாருக்கும் இந்த அட்டவணை பழக்கமானதுதான். சதவீத நெடுவரிசையின் கடைசியில் "மொத்தம் 100" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மேலே உள்ள எண்களைக் கூட்டினால் 100 வராது. மாணவரிடம் கேட்டால் "ரவுண்ட் பண்ணதுல வந்த வித்தியாசம்" என்று ஒரே பதில். நெறியாளரும் அவசரத்தில் இருந்தால், "கீழே ஒரு குறிப்பு போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

அந்தக் குறிப்பு சில நேரம் சரியான தீர்வு. சில நேரம் அது பொய். கூட்டுத்தொகை இடிப்பதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, உண்மையிலேயே முழுமையாக்கியதால் வரும் சிறு வித்தியாசம். இன்னொன்று, ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு எண்ணால் வகுத்திருப்பது. பள்ளிக்கணக்கில் பகுதி என்று படித்தோமே, பின்னத்தின் கீழே வரும் எண், அது மாறிப்போயிருக்கும். முதலாவதற்கான மருந்தை இரண்டாவதற்குக் கொடுத்தால் நோய் மறையும், தீராது. எனவே திருத்தும் வழிகளை ஒப்பிடும்போது இரண்டையும் தனித்தனியாகவும், இதே வரிசையில் இல்லாமல் வகுக்கும் எண்ணை முதலில் வைத்தும் பார்ப்போம்.

கையில் ஒரு வரைவை வைத்துக்கொண்டு பேசுவது எளிது. எண்களை நானே அமைத்திருக்கிறேன், ஆனால் பிழைகள் எல்லாம் வழக்கமாக வருபவைதான். கல்லூரி மாணவர்கள் தினமும் எப்படி வந்து போகிறார்கள் என்பது ஆய்வு. 180 படிவங்கள் திரும்பி வந்தன. வரைவில் உள்ள அட்டவணை இது:

| வந்துபோகும் வழி | எண்ணிக்கை | சதவீதம் |
|---|---|---|
| பேருந்து | 89 | 49 |
| இருசக்கர வாகனம் | 37 | 21 |
| ரயில் | 23 | 13 |
| நடை | 16 | 9 |
| கல்லூரி வேன் | 9 | 5 |
| மொத்தம் | 180 | 100 |

அட்டவணைக்குக் கீழே உள்ள பத்தியில், "பாதிக்கும் மேற்பட்ட மாணவர்கள் (51.1%) பேருந்தில் வருகின்றனர்" என்று எழுதியிருக்கிறது. அட்டவணையில் 49, பத்தியில் 51.1. சதவீதங்களைக் கூட்டினால் 97.

இது முழுமையாக்கியதால் வந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு சுருக்கமான வழி உண்டு. முழு எண்ணாக மாற்றும்போது ஒரு வரியில் அதிகபட்சம் அரை சதவீதம்தான் தவறும். ஐந்து வரி என்றால், எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தாலும் இரண்டரைக்கு மேல் போகாது. அதாவது ஐந்து வரி அட்டவணையின் கூட்டுத்தொகை 98-க்கும் 102-க்கும் இடையில் இருந்தால் முழுமையாக்கல் காரணமாக இருக்கலாம். 97 என்றால் அது காரணமாக இருக்கவே முடியாது. (ஒரு தசம இடம் வைத்திருந்தால் இந்த வரம்பும் பத்தில் ஒன்றாகச் சுருங்கும்: 99.8 முதல் 100.2 வரை.) வரம்புக்குள் இருப்பதாலேயே அட்டவணை சரி என்று ஆகிவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வெளியே போனால் தவறு என்று மட்டும்தான் இந்தச் சோதனை உறுதியாகச் சொல்லும்.

அடுத்த சோதனை எண்ணிக்கையை அதன் சதவீதத்தால் வகுத்துப் பார்ப்பது. 49 என்று போட்டிருப்பது 48.5-லிருந்து 49.5 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். 89-ஐ அவற்றால் வகுத்தால், 180 முதல் 183 வரை ஏதோ ஒன்றால் மாணவி வகுத்திருக்கிறார் என்று தெரிகிறது. பத்தியில் உள்ள 51.1-ஐ அதே போல் சோதித்தால் ஒரே விடைதான் வரும்: 174. எண்ணிக்கை நெடுவரிசையைக் கூட்டிப் பாருங்கள், அதுவும் 174. "மொத்தம் 180" என்பது படிவங்களின் எண்ணிக்கை, இந்தக் கேள்விக்கு வந்த பதில்களின் எண்ணிக்கை இல்லை. ஆறு பேர் இந்தக் கேள்வியைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.

இந்தச் சோதனையைப் பெரிய வரியில்தான் செய்ய வேண்டும். வேன் வரியில் செய்தால் 9 பேருக்கு 5 சதவீதம் என்பது 164-லிருந்து 200 வரை எதற்கும் பொருந்தும், ஒன்றும் தெரியாது. இந்த அட்டவணையில் கீழே உள்ள நான்கு வரிகளுமே அப்படித்தான். 180-ஆல் வகுத்தாலும் 174-ஆல் வகுத்தாலும் முழு எண்ணாக்கினால் அதே 21, 13, 9, 5 வருகிறது. அதனால்தான் பிழை யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. மாறுவது பேருந்து வரி மட்டும். ஆய்வின் முக்கியமான முடிவு நிற்பதும் அந்த வரியில்தான்.

இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று ஊகிப்பது கடினமில்லை. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் கொடுக்கும் அட்டவணையில் `Percent` என்று ஒரு நெடுவரிசை, பக்கத்திலேயே `Valid Percent` என்று இன்னொன்று இருக்கும். முதலாவது காலி விட்டவர்களையும் சேர்த்து 180-ஆல் வகுத்தது. இரண்டாவது பதில் சொன்ன 174 பேரால் மட்டும் வகுத்தது. மாணவி அட்டவணையை முதலாவதிலிருந்து எடுத்து, `Missing` என்ற வரியை அசிங்கமாக இருக்கிறதென்று நீக்கிவிட்டார். பத்தியை இரண்டாவதைப் பார்த்து எழுதினார். எக்செல்லில் கணக்குப் போடுபவர்களுக்கு வேறு ஒரு வழியில் இதே விபத்து நடக்கும். `=B2/SUM(B2:B6)` என்று எழுதிக் கீழே இழுத்தால், ஒவ்வொரு வரிக்கும் கூட்டும் எல்லையும் ஒரு கட்டம் கீழே நகர்ந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லையைப் பூட்டி எழுத வேண்டும்:

```
=B2/SUM(B$2:B$6)
```

சரி, எந்த எண்ணால் வகுப்பது? மூன்று வழிகள் இருக்கின்றன.

எல்லாவற்றையும் 180-ஆல் வகுத்து, "பதில் இல்லை: 6 (3%)" என்று நீக்கிய வரியைத் திரும்பச் சேர்ப்பது முதல் வழி. 49, 21, 13, 9, 5, 3. கூட்டினால் அழகாக 100. இதைப் பார்த்ததும் "அப்பாடா" என்று பலர் இங்கேயே நின்றுவிடுவார்கள். ஆனால் 100 வந்தது தற்செயல், அதற்காக இந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. யார் யார் பதில் சொன்னார்கள் என்பதே சேதியாக இருக்கும் கேள்விகளுக்கு இது சரியான வழி. குடும்ப வருமானம், சாதி, கடன் போன்ற கேள்விகளில் காலி விட்டவர்களை மறைத்தால் படிப்பவர் ஏமாறுவார். ஆய்வேட்டின் எல்லா அட்டவணைகளுக்கும் ஒரே அடிப்படை கிடைப்பதும் இதில் ஒரு வசதி.

பதில் சொன்ன 174 பேரால் வகுப்பது இரண்டாவது வழி. பெரும்பாலான ஆய்வேடுகளுக்கு இதுதான் இயல்பாகப் பொருந்தும். அட்டவணைத் தலைப்பிலேயே "பதிலளித்தோர் = 174, பதில் இல்லை = 6" என்று எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் படிப்பவருக்கு 180 எங்கே போனது என்று குழப்பம். இந்த வழியில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: காலி விட்டவர்களும் மற்றவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்பது. ஆறு பேர்தானே என்று தோன்றும். ஆனால் ஆறு பேரும் பேருந்தில் வருபவர்கள் என்று வைத்தால் 180-இல் 95, அதாவது 52.8 சதவீதம். ஒருவர்கூட இல்லை என்று வைத்தால் 49.4. "பாதிக்கும் மேல்" என்ற வாக்கியம் அந்த ஆறு பேர் கையில் இருக்கிறது. அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாத நிலையில் "ஏறத்தாழ பாதிப் பேர்" என்று எழுதுவதுதான் நியாயம்.

இரண்டு நெடுவரிசைகளையும் அருகருகே போடுவது மூன்றாவது வழி. நேர்மையானதுதான், ஆனால் இருபது அட்டவணைகளிலும் இதைச் செய்தால் படிக்க முடியாது. ஆய்வின் முடிவே தொங்கும் ஒரே ஓர் அட்டவணைக்கு மட்டும் செய்யலாம்.

இந்த மூன்றில் ஒன்றைத் தேர்வதற்கு முன் நான் செய்யச் சொல்வது, அந்த ஆறு படிவங்களையும் எடுத்துப் பார்ப்பது. நாற்காலியை விட்டு எழுந்து கட்டிலிருந்து படிவங்களைத் தேட வேண்டும் என்பதால் யாருக்கும் பிடிக்காத வேலை. நம் எடுத்துக்காட்டில், "எங்கே தங்கியிருக்கிறீர்கள்?" என்ற வேறொரு கேள்விக்கு ஆறு பேருமே "கல்லூரி விடுதி" என்று குறித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவர்கள் பதில் சொல்ல மறுத்தவர்கள் இல்லை, அந்தக் கேள்வியே அவர்களுக்குப் பொருந்தாது. இந்தியாவில் கல்வியறிவு விகிதம் கணக்கிடும்போது ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைச் சேர்க்காமல், ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களால்தான் வகுக்கிறார்கள். அதே நியாயம் இங்கேயும். வகுக்கும் எண் 174. வாக்கியம் "மாணவர்களில்" என்று தொடங்காமல் "தினமும் வந்துபோகும் மாணவர்களில்" என்று தொடங்க வேண்டும். அப்போது 51.1 என்பதும் பாதிக்கும் மேல் என்பதும் உறுதியாக நிற்கும்.

இப்போதுதான் முழுமையாக்கல் பக்கம் வர வேண்டும். 174-ஆல் வகுத்து முழு எண்ணாக்கினால் 51, 21, 13, 9, 5. கூட்டினால் 99. இந்த 99-இல் யாரும் தவறு செய்யவில்லை. உண்மையான மதிப்புகள் 51.15, 21.26, 13.22, 9.20, 5.17. ஐந்துமே சற்றுக் கீழே இழுக்கப்பட்டதால் சேர்ந்து ஒரு சதவீதம் காணாமல் போயிற்று. இது அபூர்வமும் இல்லை. 1979-இல் பெர்சி டயகோனிஸ், டேவிட் ஃப்ரீட்மேன் என்ற இரு புள்ளியியலாளர்கள் முழுமையாக்கிய சதவீதங்கள் எத்தனை முறை 100 ஆகும் என்று ஆராய்ந்தார்கள். மூன்று வரி இருந்தால் நான்கில் மூன்று முறை, நான்கு வரி இருந்தால் மூன்றில் இரண்டு முறை. ஐந்து வரிக்கு ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். எல்லா அட்டவணையும் மிகச் சரியாக 100 காட்டும் ஆய்வேட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான்.

மாணவர்கள் தாமாகவே தேர்ந்தெடுக்கும் வழி, காணாமல் போன ஒன்றைப் பெரிய வரியில் போடுவது. பேருந்து 52, கணக்கு முடிந்தது. 51.15-ஐ வழக்கமான முழுமையாக்கல் விதியால் 52 ஆக்க முடியாது. தேர்வாளர் கைப்பேசியில் 89-ஐ 174-ஆல் வகுத்துப் பார்த்தால் அந்த நொடியில் மாட்டிக்கொள்ளும். இதை வழிகளில் ஒன்றாகவே எண்ண வேண்டாம்.

அதைவிட முறையானது ஒன்று இருக்கிறது. எல்லா மதிப்புகளையும் கீழே இறக்கிவிட்டு, மீதியுள்ளதைப் பின்னம் அதிகமாக உள்ள வரிக்குக் கொடுப்பது. இங்கே அதிகப் பின்னம் இருசக்கர வாகனத்துக்கு (0.26), எனவே அது 22 ஆகும். இந்த முறை நாடாளுமன்ற இடங்களைப் பங்கிடப் பிறந்தது. அமெரிக்காவில் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1792-இல் முன்வைத்தார். அரை உறுப்பினரை அவைக்கு அனுப்ப முடியாது என்பதால் அங்கே அது தேவை. அங்கேயும் அது விநோதம் காட்டியது. 1880 கணக்கெடுப்புக்குப் பிறகு, அவையில் 299 இடம் என்றால் அலபாமாவுக்கு 8, 300 இடம் என்றால் 7 என்று விடை வந்தது. சதவீதத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 21.26-ஐ 22 என்று எழுதுவது, அருகில் உள்ள முழு எண்ணை விட்டு அடுத்ததற்குத் தாவுவது. சுவரொட்டியிலோ, நூறு கட்டங்களை நிறம் தீட்டிக் காட்டும் படத்திலோ இதைப் பயன்படுத்தலாம், அங்கே மிச்சக் கட்டத்துக்கு ஏதாவது ஒரு நிறம் வேண்டுமே. ஆய்வேட்டு அட்டவணையில் வேண்டாம்.

மீதி இருப்பது இரண்டு: முழு எண்ணோடு விட்டுவிட்டுக் குறிப்பு எழுதுவது, அல்லது ஒரு தசம இடம் சேர்ப்பது.

குறிப்பு எழுதினால் "முழுமையாக்கியதால் சதவீதங்களின் கூட்டுத்தொகை 100 ஆகாமல் இருக்கலாம்" என்ற ஒரு வரி போதும். மொத்தம் என்ற இடத்தில் 99 என்று எழுதக் கூடாது. அந்த வரி மேலே உள்ள சதவீதங்களின் கூட்டல் இல்லை, 174-இல் 174 பேர் என்பது. அது எப்போதும் 100. இங்கேதான் மாணவர்கள், "சார், எக்செல்லே 100-னு தான் காட்டுது, நீங்க கூட்டினா எப்படி 99 வருது?" என்று கேட்பார்கள். எக்செல் திரையில் காட்டுவது சுருக்கிய எண், உள்ளே வைத்திருப்பது முழு மதிப்பு. அது உள்ளே இருப்பதைக் கூட்டுகிறது, நாம் திரையில் இருப்பதைக் கூட்டுகிறோம்.

தசம இடம் சேர்த்தால் 51.1, 21.3, 13.2, 9.2, 5.2. கூட்டினால் 100.0. எப்போதும் இப்படி அமையும் என்று நம்ப வேண்டாம், மூன்று சம பங்கு வந்தால் 33.3 மும்முறை, 99.9. வித்தியாசம் பத்தில் ஒன்றாகக் குறையும், அவ்வளவுதான். இந்த வரைவுக்கு நான் இதைத்தான் தேர்வேன், 100.0 வந்ததற்காக இல்லை. 174 பேரில் ஒருவர் என்பது 0.57 சதவீதம். ஒரு தசம இடம் இருந்தால் சதவீதத்தை வைத்தே ஆள் எண்ணிக்கையைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம். முழு எண்ணில் அது முடியாது, 88 பேரும் 51 சதவீதம்தான், 89 பேரும் 51 சதவீதம்தான். இரண்டு தசம இடம் போனால் இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகிவிடும். நாற்பது ஐம்பது பேரிடம் கேட்ட ஆய்வானால் முழு எண்ணும் குறிப்பும் போதும். இருபது பேர் என்றால் சதவீதமே வேண்டாம், "20-இல் 7 பேர்" என்று எழுதுவது மேல்.

ஒரு தசம இடத்தைத் தேர்வதற்கு இன்னொரு காரணம், பத்தியில் வரும் கூட்டல்கள். மாணவி "பேருந்து, ரயில், வேன் ஆகியவற்றில் சேர்ந்து வருபவர்கள் 69%" என்று எழுதியிருந்தார். 51, 13, 5 ஆகியவற்றைக் கூட்டியது. ஆட்களைக் கூட்டி வகுத்தால் 121 பேர், 69.5 சதவீதம், முழு எண்ணாக்கினால் 70. முழுமையாக்கியவற்றைக் கூட்டக் கூடாது, எண்ணிக்கையைக் கூட்டிப் பிறகு வகுக்க வேண்டும். இதற்குக் குறிப்பும் உதவாது, ஹாமில்டன் முறையும் உதவாது.

வரைவின் அடுத்த அட்டவணை வேறு மாதிரி. பேருந்தில் வரும் 89 பேரிடம் என்னென்ன சிரமம் என்று கேட்டு, ஒன்றுக்கு மேலும் குறிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். கூட்ட நெரிசல் 61, நேரத்துக்கு வராதது 48, நிறுத்தத்தில் நிற்காமல் போவது 27. மொத்தம் 136 டிக். மாணவி 136-ஆல் வகுத்து 44.9, 35.3, 19.9 என்று போட்டிருந்தார். கூட்டினால் 100.1, அதற்கு அதே ரவுண்ட் குறிப்பு. சோதனையில் இது தேறிவிடும், 100-ஐ ஒட்டியே இருக்கிறது. தவறு அதைத் தொடர்ந்த வாக்கியத்தில்: "44.9% மாணவர்கள் நெரிசலால் அவதிப்படுகின்றனர்." 44.9 என்பது டிக்குகளில் பங்கு, மாணவர்களில் இல்லை. 89 பேரில் 61 பேர் என்றால் 68.5 சதவீதம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோரின் புகார் பாதிக்கும் குறைவானவர்களின் புகாராகச் சுருங்கிவிட்டது, நூறு வர வேண்டும் என்ற ஆசையால்.

இங்கே தேர்வு எளிது. ஆட்களைப் பற்றிப் பேசினால் 89-ஆல் வகுக்க வேண்டும். 68.5, 53.9, 30.3 என்று வரும், கூட்டினால் 152-ஐத் தாண்டும். மொத்தம் என்ற வரியையே எடுத்துவிட்டு, "ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் அனுமதிக்கப்பட்டன, அடிப்படை: பேருந்தில் வரும் 89 பேர்" என்று தலைப்பில் எழுதலாம். எஸ்பிஎஸ்எஸ்ஸில் இது `Percent of Cases` என்ற நெடுவரிசையில் தயாராகவே கிடைக்கும். கூகுள் ஃபார்ம்ஸும் பல தேர்வுக் கேள்விகளுக்கு ஆட்களால் வகுத்துத்தான் காட்டுகிறது. டிக்குகளால் வகுப்பது, வந்த புகார்களில் எந்த வகை எத்தனை பங்கு என்று பேசும்போது மட்டும். இந்த அட்டவணைக்கு வட்ட விளக்கப்படம் போட்டிருந்தால் அதைத் தூக்கிவிட்டுப் பட்டை வரைபடம் போட வேண்டும், வட்டம் 152 சதவீதத்தைத் தாங்காது.

திருத்தம் அட்டவணையோடு முடிவதில்லை. 49, 69, 44.9 ஆகிய மூன்றையும் வேர்டில் `Ctrl+F` போட்டுத் தேடச் சொல்லுங்கள். ஆய்வுச் சுருக்கத்தில் ஒன்று, முடிவுரையில் ஒன்று, பரிந்துரைகளில் ஒன்று என்று பழைய எண்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். படமாக ஒட்டிய வரைபடத்துக்குள் இருப்பது தேடலில் அகப்படாது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.